செட்டியார் இடத்துக்கு வந்தவர்



சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ், கடைசி பெஞ்ச், தாம்பரம் கடற்கரை லோக்கல் ரயில் என்று வழக்கமான நினைவுகளைத்தான் எழுத நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நடந்தது. ஆனால் அது ஏன் என் மனசில் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல, முதலில் நம் மூன்றாம் ஆண்டு வகுப்பறைக்குப் போயாக வேண்டும்.

எங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் எடுத்த சார், செமஸ்டர் பாதியில் குடும்பக் காரணமாக வேலையை விட்டுப் போய்விட்டார். பலகையில் ஒரு தொடர் உத்தரத்தின் கணக்கு பாதியில் நின்றது. அடுத்த வாரம் ஒரு புது சார் வந்தார். உள்ளே நுழைந்து, டஸ்டரை மேசைமேல் வைத்து, தன் பெயரைச் சொன்னார். எங்கே படித்தார், எத்தனை மார்க், எத்தனை வருஷ அனுபவம், எந்தெந்த ஊர் என்று ஒரு கால் மணி நேரம் சொன்னார். பிறகு, "இதுவரை நடத்தினதை மறந்துடுங்க, நாம முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார். அந்த வார்த்தையோடு முடிந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து ரொம்ப பவ்யமாக, "சார், பழைய சார் எப்ப வருவாரு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அந்த செமஸ்டர் முழுக்க அவரிடம் ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. அட்டெண்டன்ஸ் எடுத்து முடிந்ததும் பின் வரிசை காலியாகும். பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் வகுப்பை எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதே முந்தின நாள் சாயங்காலம்தானாம். அவரோடு வகுப்புக்குள் நடந்து வர ஒரு ஆள்கூட இல்லை. 'இவர்தான் இனிமேல்' என்று சொல்ல ஒரு வாய் இல்லை. தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய நிலைமை. அப்படி ஒரு நிலைமையில் மனிதன் வேறு எதைச் சொல்வான்? டிகிரியைத்தான் சொல்வான்.

இதை நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான், கிண்டிக்குப் போகும் ரயிலில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தேன். 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்து, 1942-இல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்ற தன் வரலாறு அது. ஏடு தேடி அலைந்த தாத்தா என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தின் நடுவில், இருபத்தைந்து வயசுகூட நிறையாத ஒரு இளைஞர், மாணவர்கள் கொண்டாடிய ஒரு பெரிய ஆசிரியரின் இடத்தில் போய் உட்கார வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. எங்கள் புது சாருக்கு நேர்ந்த அதே நிலைமைதான். முடிவுதான் வேறு.

கும்பகோணம் அரசினர் கல்லூரி காவிரிக் கரையில் இருக்கிறது. 1854-இல் பள்ளியாகத் தொடங்கி, 1867-இல் கல்லூரியானது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் காலத்தில் அதற்குப் பெயர். எல்லாப் பாடமும் இங்கிலீஷில். ஷேக்ஸ்பியரும் கணக்கும் சொல்லித் தரும் பேராசிரியர்களுக்கு நடுவில் தமிழ்ப் பண்டிதர் என்று ஒருவர். பொதுவாக அந்தக் காலத்துக் கல்லூரிகளில் தமிழ்ப் பண்டிதர் வகுப்பு என்றால் பையன்களுக்கு இளைப்பாறுகிற நேரம். பண்டிதருக்கு இங்கிலீஷ் தெரியாது, பையன்களுக்குத் தெரியும். அந்த ஒன்றை வைத்தே அவரை ஓட்டலாம்.

ஆனால் கும்பகோணத்தில் யாரும் தமிழ்ப் பண்டிதரை ஓட்ட முடியாது. ஏனென்றால் அங்கே இருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முதன்மையான மாணவர்களில் ஒருவர். பூவாளூர்க்காரர். புலமையும் அதிகம், கோபமும் அதிகம். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இங்கிலீஷ் படித்த பேராசிரியர்களே அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கல்லூரித் தலைவர் கோபாலராவும் அவருக்கு நல்ல மதிப்புக் கொடுத்தார். பல ஆண்டுகளாக அங்கே தமிழ் என்றால் செட்டியார், செட்டியார் என்றால் தமிழ்.

அப்படிப்பட்டவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், வேலையை விட வேண்டிய நிலை வந்தது. சாதாரணமாக என்ன நடக்கும்? ஒரு நாள் போய்விடுவார், இடம் காலி என்று விளம்பரம் வரும், யாரோ ஒருவர் ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். செட்டியார் அப்படி விடவில்லை. தம் இடத்துக்கு யார் வர வேண்டும் என்று தாமே யோசித்து, தாமே ஆளைத் தேடிப் போனார்.

அவர் போனது திருவாவடுதுறைக்கு. கும்பகோணத்துக்கும் மாயூரத்துக்கும் நடுவில் உள்ள சைவ மடம். அங்கே சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் சாமிநாதையர் இருந்தார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்தான், ஆனால் கடைசிக் காலத்து மாணவர். 1871-இல் பிள்ளையிடம் சேர்ந்து, 1876 பிப்ரவரியில் பிள்ளை மறையும்வரை கூடவே இருந்தவர். செட்டியாருக்கும் ஐயருக்கும் வயசில் ஏறக்குறைய முப்பது வருஷ வித்தியாசம். ஆனால் இரண்டு பேருக்கும் குரு ஒருவர். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேசிகருக்கு ஐயரை அனுப்ப மனசில்லை. மடத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல நல்ல ஆள் கிடைத்திருக்கிறார், அவரை எப்படி விடுவது? செட்டியார் விடாமல் பேசினார். கடைசியில் தேசிகர் சம்மதித்தார். ஐயரின் தகுதியைப் பற்றி நற்சான்றும் கொடுத்தார். ஆக, கும்பகோணத்துக்குக் கிளம்பும்போதே ஐயர் தனி ஆளாகக் கிளம்பவில்லை. ஒரு பக்கம் மடத்தின் வார்த்தை, இன்னொரு பக்கம் செட்டியாரே நேரில்.

அப்படியும் கல்லூரி சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. பார்த்தால் சின்னப் பையனாக இருக்கிறார், செட்டியார் இடத்தில் இவரா என்ற சந்தேகம் இருக்கத்தானே செய்யும். ஆகவே ஐயரைச் சோதித்தார்கள். அந்தச் சோதனை நம் ஊர் இன்டர்வியூ மாதிரி இல்லை. உட்கார்ந்த இடத்தில், கேட்ட மாத்திரத்தில், ஒரு செய்யுள் இயற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தாணி, ஏடு, யோசிக்க ஒரு ராத்திரி எதுவும் கிடையாது. ஐயர் சொன்னார். அந்தச் செய்யுளை அவர் தொடங்கிய விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தன் பெயரில் தொடங்கவில்லை, படித்த நூல்களில் தொடங்கவில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.

இதில் இருக்கிற நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் செட்டியார் யாரிடம் படித்தவர் என்று தெரியும். குருவிடம் செட்டியாருக்கு இருந்த பக்தி ஊரறிந்தது. புதிதாக வந்தவரும் அதே பெயரைச் சொன்னால் கேட்பவர் மனசில் என்ன பதியும்? 'செட்டியாருக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இவருக்கும் வந்திருக்கிறது.' நான் செட்டியாரைவிடப் பெரியவன் என்ற போட்டியும் இல்லை. செட்டியார் மாதிரி நடந்துகொள்வேன் என்ற வேஷமும் இல்லை. ஊற்று ஒன்று, வாய்க்கால் வேறு என்று ஒரே வரியில் சொன்ன மாதிரி ஆயிற்று.

வேலை கிடைத்தது. மாதம் ஐம்பது ரூபாய் சம்பளம். 1880 பிப்ரவரி 16-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஐயர் கல்லூரியில் சேர்ந்தார். இருபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்றும் செட்டியார் ஒதுங்கிக்கொள்ளவில்லை. அறிமுகம் செய்யும் வேலையை மாணவர்களுக்கு முன்னாலும் அவரே பார்த்துக்கொண்டார். பையன்கள் பயந்து மதித்த மனிதரே, 'எனக்குப் பிறகு இவர்' என்று கொண்டுவந்து நிறுத்தினால், 'பழைய சார் எப்ப வருவாரு' என்று எவன் எழுந்து கேட்பான்? அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் செட்டியார் அடைத்துவிட்டார். ஐயருக்கு மிச்சமிருந்தது பாடம் சொல்வது மட்டும்தான். அது அவருக்குக் கைவந்த வேலை. செய்யுளை இசையோடு படித்துக் காட்டிப் பிறகு பொருள் சொல்வது அவர் வழக்கம். தகப்பனார் சங்கீத வித்துவான் அல்லவா!

என் தொழில் கட்டடங்களைப் பழுது பார்ப்பது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருபது முப்பது வருஷத்து அடுக்குமாடிகளில் கீழ்த்தளத் தூண் துருப்பிடித்து வெடித்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். அந்தத் தூணை மாற்ற வேண்டுமானால், முதலில் பழைய தூணை உடைக்க மாட்டோம். இரண்டு பக்கமும் இரும்பு முட்டு நிறுத்தி, ஜாக்கி வைத்து மெல்ல மெல்ல ஏற்றி, மேலே உள்ள பாரத்தை முட்டுக்கு மாற்றுவோம். பாரம் முட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய தூணில் கை வைப்போம். புதுக் கான்கிரீட் போட்ட மறுநாளே முட்டை எடுக்கவும் மாட்டோம். அது இறுகி வலுவாக வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் மேல் மாடிச் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். முட்டை எடுத்தவன் அப்போது அங்கே இருக்க மாட்டான், புதுத் தூணைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

செட்டியார் செய்தது அப்படியே இதுதான். தான் போவதற்கு முன்னால் தானே முட்டாக நின்றார். மாணவர்களுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஆள்மேல் இறக்கி வைத்தார். எங்கள் வகுப்பில் நடந்ததோ, பழைய தூணை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டுப் புதுத் தூணைக் கொண்டுவந்து நிறுத்தி, 'தாங்கு' என்று சொன்ன கதை. விரிசல் விட்டது. நாங்கள் தூணைத் திட்டினோம்.

நாயகன் வந்தான், வென்றான், சுபம் என்று கதையை இங்கே முடிக்கக் கூடாது. ஏனென்றால் அதே ஐயர், அதே வருஷம், இன்னொரு அறிமுகத்தில் சறுக்கப் பார்த்தார். இதைச் சொன்னால்தான் முதல் அறிமுகத்தின் அருமை புரியும்.

கும்பகோணத்துக்கு முன்சீப்பாகச் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் வந்திருந்தார். 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை, ஐயர் அவரைப் பார்க்கப் போனார். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அடுக்கினார். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கலம்பகம், கோவை, உலா, புராணங்கள் என்று நீண்ட பட்டியல். இதைக் கேட்டு அசராத ஆளே இல்லை என்று அவருக்கு நம்பிக்கை. முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில், இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் எல்லாம் படித்திருக்கிறீர்களா என்றார். ஐயர் படித்ததில்லை. அவர் குருவும் பாடம் சொன்னதில்லை.

பட்டியல் தோற்ற இடம் அது. எங்கள் சார் டிகிரி சொன்னபோது எங்கள் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படித்தான் முதலியார் முகம் இருந்திருக்கும். பட்டியலுக்கு இருக்கிற பலவீனமே இதுதான். கேட்பவர் மனசில் உள்ள கேள்விக்கு அதில் பதில் இல்லாவிட்டால், எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது காற்றில் போய்விடும். எங்கள் மனசில் இருந்த கேள்வி, 'பாதியில் நிற்கிற கணக்கை இவர் முடித்துத் தருவாரா?' என்பது. அவர் எந்தக் காலேஜில் படித்தார் என்பது அல்ல.

ஐயர் அந்த இடத்தில் மழுப்பவில்லை. சமாளிக்க இன்னொரு பட்டியலும் போடவில்லை. அந்தப் புத்தகங்கள் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துச் சொல்லும் தைரியம் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அதுவரை பாராமுகமாக இருந்த முதலியார் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்தார். அதிலிருந்து ஏழு வருஷம் கழித்து, 1887-இல், ஐயரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. மற்றதெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

'தெரியாது' என்று சொல்வதைப் பற்றிப் பேச்சு வந்ததால், நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பாதிப் பேர் தினமும் ரயிலில் தாண்டிப் போகும் பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் 1911 முதல் வாழ்ந்தார். வேதாசலம் என்ற பெயரோடு இருபத்தோரு வயசில், 1898-இல், அவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலைக்கு வந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது, 1937-இல்தான் தாம்பரம் வந்தது. அங்கே தமிழ்த் தலைமை பரிதிமாற் கலைஞர் என்ற சூரியநாராயண சாஸ்திரியார். குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டாராம். வந்தவர், "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம். பக்கத்தில் இருந்தவர்கள் ஆள் தேறவில்லை என்று நினைத்தார்களாம். சாஸ்திரியார் மட்டும் மகிழ்ந்து தேர்ந்தெடுத்தார் என்பது தமிழ் வகுப்புகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இலக்கணம் மறந்துபோன என் போன்ற எஞ்சினியர்களுக்காக: 'அஃது' என்பது ஆய்தத் தொடர்க் குற்றியலுகரம். 'எனக்கு' வன்றொடர்க் குற்றியலுகரம். 'தெரியாது' உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். ஒரே வாக்கியத்தில் மூன்று எடுத்துக்காட்டு! தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், வேலையைச் செய்து காட்டியே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. கேட்டவர் சாஸ்திரியாராக இருந்ததால்தான் அந்தப் பதில் ஜெயித்தது. அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த ஆளாக நாங்கள் இல்லை.

மாணவர்கள் ஒரு ஆசிரியரை இழக்கும்போது படும் வருத்தம் பொய் இல்லை. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாற்றல் ஆன ஒரு இளம் ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் சூழ்ந்து கட்டிப் பிடித்து அழுத படம் உங்களுக்கும் நினைவிருக்கும். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. மாற்றலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் படத்தை நான் பார்த்தபோது எனக்கு வேறு ஒரு ஆளின் ஞாபகம் வந்தது. என்றைக்காவது ஒரு நாள் அந்த வகுப்புக்குள் அடுத்ததாக நுழைய வேண்டியவர். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அத்தனை கண்ணீருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரைப் படம் பிடிக்க யாரும் வர மாட்டார்கள்.

போன வருஷம் எனக்கே அந்த வேஷம் வாய்த்தது. நம் துறையில் ஒரு மேடம் பிரசவ விடுமுறையில் போனதால், ஆறு வாரம் சனிக்கிழமைகளில் வந்து மூன்றாம் ஆண்டுக்குக் கட்டடப் பழுதுபார்ப்பு நடத்த முடியுமா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். மேடம் கடைசியாக எடுக்கிற வகுப்பில் நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மேடம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். வகுப்பு முடிகிற நேரத்தில், "பின்னால உட்கார்ந்திருக்காரே, இவரு நான் படிச்ச சாருகிட்டேயே படிச்சவரு. மிச்சத்தை இவரு முடிப்பாரு" என்று சொன்னார்கள். நான் சொல்லிக் கொடுத்த வசனம் இல்லை, தானாக வந்தது. எனக்குக் கும்பகோணம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை உள்ளே போனேன். முகங்களில் ஒன்றும் பெரிய உற்சாகம் இல்லை, பொய் சொல்வானேன். பெயரை மட்டும் சொன்னேன். "மேடம் எந்த இடத்துல நிறுத்தினாங்க?" என்று ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது பருமன் கூடி, மேலே மூடியிருக்கிற கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது என்ற இடத்தில் நின்றிருந்தது. அவர்கள் வரைந்திருந்த அதே படத்தைப் பலகையில் போட்டு, அதிலிருந்து தொடர்ந்தேன். நடுவில் ஒரு பையன் கடல்மணல் பற்றிக் கேட்ட கேள்விக்கு எனக்குச் சரியாகப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன், சொன்னேன். மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேர் மேசைக்கு வந்து சந்தேகம் கேட்டார்கள். அதுதான் அளவுகோல். கைதட்டலும் அட்டெண்டன்ஸும் அளவுகோல் இல்லை. பாடம் முடிந்த பிறகு ஒருவன் நோட்டோடு மேசைக்கு வருகிறானா என்பதுதான். எங்கள் பழைய சாருக்கு அந்த செமஸ்டரில் ஒருவனும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

செட்டியார் 1888-இல் மறைந்தார். ஐயர் கும்பகோணத்தில் 23 வருஷம் வேலை பார்த்து, 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். இத்தனை காலத்தில் அவர் செட்டியாரைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றுவிட்டார். வேறொருவராக இருந்தால், முன்னால் இருந்தவர் பெயரை மெல்ல மறந்திருப்பார். நாமும் ஆபீசில் பார்க்கிறோமே, புது மேனேஜர் வந்ததும் முதல் வேலை பழையவர் செய்ததைக் குறை சொல்வதுதான். ஐயர் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு வைத்த பெயர் 'தியாகராச விலாசம்'. தனக்கு இடம் விட்டுப் போனவரின் பெயர். வாழ்நாள் முழுக்க யார் அந்த வீட்டுக்கு வந்தாலும், ஐயரைப் பார்ப்பதற்கு முன்னால் செட்டியார் பெயரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2012-இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். ஐயர் பெயரில் உள்ள நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரு அரை நாள் ஒதுக்கினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த மலரைப் படிக்கும் இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் செமஸ்டர் நடுவில் ஒரு புது சாரோ மேடமோ வரத்தான் போகிறார்கள். அவர்களைக் கூட்டி வர ஒரு செட்டியார் இல்லாமல் போகலாம். தனியாக வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் டிகிரியைச் சொல்லிக்கொண்டு நிற்கலாம். அப்போது உங்களில் ஒருவர் எழுந்து, "சார், பழைய சார் இந்தக் கணக்குல நிறுத்தினாரு" என்று நோட்டை நீட்டினால் போதும். அந்த நோட்டை நீட்ட எங்கள் வகுப்பில் அறுபது பேர் இருந்தோம். ஒருவரும் நீட்டவில்லை.

அந்த சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் யாராவது சந்திப்பு நாளன்று வந்தால், என்னிடம் சொல்லுங்கள். அந்தத் தொடர் உத்தரத்தின் கணக்கை இன்னும் நான் முடிக்கவில்லை. அவரிடம்தான் கேட்க வேண்டும்.